கலப்புத் திருமண விகிதம் ஒன்றுகலப்புக்கு அளவுகோல் ஆகுமா?

தேன்மொழி (வடசென்னை)

வடசென்னையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் திரையில் ஓர் அட்டவணையைக் காட்டினார். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு புதிதாக மணம் செய்துகொண்டவர்களில் வேற்று இனத்தவரை மணந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கு அது. ஆசியர் 29, ஹிஸ்பானியர் 27, கறுப்பினத்தவர் 18, வெள்ளையர் 11. "எந்த இனம் எவ்வளவு ஒன்றுகலந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது" என்றார். பிறகு அதே மூச்சில், சென்னையில் சௌகார்பேட்டை மார்வாரிகள் மூன்று நான்கு தலைமுறையாக இருந்தும் நம்மோடு கலக்கவில்லை, காரணம் அவர்கள் வெளியே பெண் கொடுப்பதில்லை என்றார்.

எனக்கு இரண்டு இடத்தில் நெருடுகிறது. அட்டவணைப்படி பார்த்தால் அமெரிக்காவில் மிகவும் குறைவாக ஒன்றுகலந்தவர்கள் வெள்ளையர் என்றல்லவா ஆகிறது? யாரோடு கலக்காமல் போனார்கள் அவர்கள்? இரண்டாவது, சென்னையைப் பற்றிச் சொன்னது. அது ஏன் தவறாகப் படுகிறது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் இதை வகுப்பில் எடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாம்பலம் ராகவன்

அம்மா, பேசியவர் சொன்னதில் அடிப்படைத் தவறு ஒன்றும் இல்லை. நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. "எங்களுக்கும் அவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு" என்று ஒருவர் சொன்னால், அதற்கு மேல் உறவைப் பற்றிக் கேட்க எதுவும் இல்லை. சேர்ந்து வியாபாரம் செய்வார்கள், பக்கத்து வீட்டில் குடியிருப்பார்கள், தீபாவளிக்குப் பலகாரம் கொடுப்பார்கள். பெண் கேட்டுப் போனால்தான் உண்மை தெரியும்.

மில்டன் கார்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1964இலேயே இதை எழுதிவிட்டார். ஒன்றுகலப்புக்கு ஏழு படிகள், அதில் திருமணம்தான் கடைசிப் படி. திருமணம் நடந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே நடக்கும். கொள்வினை கொடுப்பினை உள்ள இடத்தில் சண்டையும் வராது.

கணக்கர் செல்வம்

ராகவன் ஐயா, கார்டனை நினைவுபடுத்தியது நல்லது. ஆனால் வரிசை மாறிவிட்டது. அவர் சொன்ன ஏழில் திருமணம் கடைசி அல்ல, மூன்றாவதாக வருகிறது. அவர் வாதத்தின் திறவுகோலும் திருமணம் அல்ல. பெரும்பான்மையினரின் நட்பு வட்டத்துக்குள், சங்கங்களுக்குள், வீட்டுக் கூடத்துக்குள் சிறுபான்மையினர் நுழைவதுதான் திறவுகோல். அது நடந்தால் திருமணம் பின்னால் வரும் என்றார். அவர் கணக்கில் திருமணம் விளைவு, காரணம் அல்ல. அதனால்தான் அதை வெப்பமானிபோல் பயன்படுத்துகிறார்கள்.

தேன்மொழி, உங்கள் முதல் நெருடலுக்கு வருகிறேன். முப்பது வருடம் மக்கள்தொகைக் கணக்கோடு மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எண்கள் புரிவதற்காக நான் போட்டவை, எந்த ஊருடையதும் அல்ல.

ஓர் ஊரில் ஒரு வருடத்தில் 1000 கல்யாணம். மாப்பிள்ளைகளில் 100 பேர் சிறு குழு, 900 பேர் பெரிய குழு. பெண்களிலும் அப்படியே. சிறு குழுவின் 100 மாப்பிள்ளைகளில் 30 பேர் பெரிய குழுப் பெண்ணை மணக்கிறார்கள். சிறு குழுப் பெண்கள் 30 பேர் பெரிய குழு மாப்பிள்ளையை மணக்கிறார்கள். ஆக மொத்தம் 60 கலப்புத் திருமணங்கள்.

இப்போது விகிதம் கேளுங்கள். சிறு குழுவில் 200 பேரில் 60 பேர் வெளியே மணந்தார்கள், 30 சதவீதம். பெரிய குழுவில் 1800 பேரில் அதே 60 பேர், 3.3 சதவீதம். கல்யாணம் ஒன்றுதான், மேடை ஒன்றுதான், தாலி ஒன்றுதான். ஒரு பக்கம் 30, மறுபக்கம் 3.3. பெரிய குழு பத்து மடங்கு இறுகிய மனம் கொண்டது என்று இதிலிருந்து யாராவது சொன்னால், அவர் ஆள்தொகையைப் படிக்கிறார், மனத்தைப் படிக்கவில்லை. அட்டவணையில் வெள்ளையர் கீழே நிற்பதற்கு முதல் காரணம் அவர்கள்தான் நாட்டின் பெரும்பான்மை என்பது. பீட்டர் பிளௌ 1977இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். இரண்டு குழுக்களில் சிறியதற்குப் புறமண விகிதம் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும், யாருடைய விருப்பமும் அதில் தேவையில்லை.

இன்னொரு குழி. சிறு குழு சம்பந்தப்பட்ட குடும்பங்களை எண்ணுங்கள். தமக்குள் மணந்தது 70, கலப்பு 60, மொத்தம் 130. அதில் கலப்பு 46 சதவீதம். "30 சதவீதம்" என்பதும் "46 சதவீதம்" என்பதும் அதே ஊரின் அதே வருடக் கணக்கு. ஆட்களை எண்ணினார்களா, தம்பதிகளை எண்ணினார்களா என்று கேட்காமல் எந்தச் செய்தியையும் நம்பாதீர்கள்.

கார்த்திக் வேளச்சேரி

சரியான இடத்தில் கேட்கிறேனா தெரியவில்லை. எனக்குத் தை மாதம் கல்யாணம். பெண் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஐந்து தலைமுறையாகச் சென்னை. எங்கள் வீட்டில் தமிழ். இரண்டு வீடும் ஒரே சாதிதான், அதனால் பெரியவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. இது கலப்புத் திருமணம்தானே? சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் பதிய வேண்டுமா?

கணக்கர் செல்வம்

வாழ்த்துகள் தம்பி. இருவரும் இந்துக்கள் என்றால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலேயே பதியலாம். மொழியோ சாதியோ வேறாக இருந்தாலும் தடையில்லை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிய நினைத்தால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு.

தேன்மொழி, இந்தக் கேள்வியை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். சிறப்புச் சட்டத்தில் பதிந்த எண்ணிக்கையைக் காட்டி "கலப்புத் திருமணம் கூடியது, குறைந்தது" என்று எழுதுவது சரியில்லை. கார்த்திக்கின் கல்யாணம் அதில் வரவே வராது. கேள்வித்தாளை மாற்றினால் இன்னும் வேடிக்கையாகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொருவரிடமும் தாய்மொழி கேட்கிறது. அதை வைத்து எண்ணினால் இவருடையது கலப்பு. இந்திய மனித வளர்ச்சி ஆய்வு வீடுவீடாகப் போய், மனைவியின் பிறந்த வீடும் கணவன் வீடும் ஒரே சாதியா என்று கேட்டது. 2011-12இல் வேறு சாதி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். அந்தக் கணக்கில் கார்த்திக் அந்தத் தொண்ணூற்றைந்தில் ஒருவர்.

மாம்பலம் ராகவன்

செல்வம் சார், ஆள்தொகை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அளவுகோலைத் தூக்கி எறிய வேண்டியதில்லையே, ஆள்தொகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் போதுமே?

கணக்கர் செல்வம்

கழிக்க வழி உண்டு ஐயா, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு என்பதுதான் சிக்கல்.

முதல் வழி. குலுக்கல் முறையில் கல்யாணம் நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது. என் ஊரில் பெண்களில் 90 சதவீதம் பெரிய குழு. குலுக்கினால் சிறு குழு மாப்பிள்ளைகளில் 90 பேர் வெளியே மணக்க வேண்டும். மணந்தது 30. மூன்றில் ஒரு பங்கு. பெரிய குழுவுக்கு எதிர்பார்ப்பு 10 சதவீதம், நடந்தது 3.3, அதுவும் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் ஒரே விடை வருகிறது, ஏனென்றால் சுவர் ஒன்றுதான்.

இரண்டாவது வழி. சிறு குழு மாப்பிள்ளைக்குத் தன் குழுப் பெண் அமைவது 70க்கு 30. பெரிய குழு மாப்பிள்ளைக்குச் சிறு குழுப் பெண் அமைவது 30க்கு 870. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும்:

```
(70 × 870) ÷ (30 × 30) = 67.7
```

1 வந்தால் சுவரே இல்லை. எண் ஏற ஏறச் சுவர் உயரம்.

இப்போது இன்னொரு ஊர். அங்கும் 1000 கல்யாணம், ஆனால் சிறு குழுவில் மாப்பிள்ளை 10, பெண் 10 மட்டும். பாதிப் பேர் வெளியே மணக்கிறார்கள். செய்தித்தாளில் "50 சதவீதம் கலப்பு மணம்" என்று வரும்.

```
(5 × 985) ÷ (5 × 5) = 197
```

முதல் ஊரைவிட மூன்று மடங்கு உயரமான சுவர். யோசித்துப் பாருங்கள், ஆயிரம் பெண்களில் தன் இனத்துப் பெண்கள் பத்தே பேர், அந்தப் பத்தில் ஐந்து பேரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு முனைப்பு!

தேன்மொழி (வடசென்னை)

ஐயா, இரண்டாவது ஊருக்கு நீங்கள் சொன்ன முதல் வழியையும் போட்டுப் பார்த்தேன். குலுக்கினால் 99 சதவீதம் வெளியே போக வேண்டும், போனது 50. பாதி. முதல் ஊரில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வழியில் இரண்டாவது ஊர்தான் கூடுதலாகத் திறந்திருக்கிறது. உங்கள் இரண்டாவது வழியில் அதுதான் கூடுதலாக மூடியிருக்கிறது. எது சரி?

கணக்கர் செல்வம்

நீங்கள் பிடித்த இடம்தான் இந்தத் துறையில் தீராத இடம். இரண்டும் பிழையற்ற கணக்குகள், கேள்விதான் வேறு. முதல் வழி, நடந்தது குலுக்கலுக்கு எவ்வளவு அருகில் என்று கேட்கிறது. இரண்டாவது, ஆள்தொகை எப்படி மாறினாலும் மாறாத விருப்பத்தின் இழுப்பு எவ்வளவு என்று கேட்கிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே எடுப்பார்கள். நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அந்தக் குழுவில் பிறக்கும் குழந்தைக்கு முதல் கணக்குதான் வாழ்க்கை. அந்தக் குழு சம்பந்தப்பட்ட பதினைந்து குடும்பங்களில் பத்தில் அப்பா அம்மா வெவ்வேறு குழு. 197 என்ற எண்ணில் அது தெரியாது.

ரீட்டா, பெரம்பூர்

கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், எந்தக் கட்டத்தில் போடுவீர்கள் என்று சொல்லுங்கள்.

நாங்கள் ஆங்கிலோ இந்தியர்கள். அப்பா ரயில்வேயில் இருந்தார், பெரம்பூர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். நான் தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கரை மணந்தேன். என் தம்பி திருவண்ணாமலைத் தமிழ்ப் பெண்ணை மணந்தான். இரண்டும் கலப்புத்தான். ஆனால் நம் அரசியலமைப்பின் 366ஆம் பிரிவில் ஆங்கிலோ இந்தியர் யார் என்று எழுதியிருப்பது தந்தை வழியை மட்டும். தகப்பனோ, தகப்பன் வழி ஆண் முன்னோர் ஒருவரோ ஐரோப்பியராக இருக்க வேண்டும். அதனால் தம்பி பிள்ளைகள் ஆங்கிலோ இந்தியர், என் பிள்ளைகள் இல்லை.

வீட்டுக்குள் வந்து பாருங்கள். தம்பிக்கு வெளியூர் வேலை, பிள்ளைகள் தாய்மாமன் வீட்டில் திருவண்ணாமலையில் வளர்ந்தார்கள். தமிழ்தான் பேச்சு, கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்றுவார்கள். என் பிள்ளைகள் என் அம்மா மடியில் ஆங்கிலம் கற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்கள். போன மாதம் என் மகள் ஒரு தமிழ்ப் பையனை மணந்தாள். பதிவேட்டில் அது தமிழ்ப் பெண், தமிழ்ப் பையன். கலப்பு இல்லை. பாட்டியின் வெள்ளை லேஸ் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயில் படியில் ஏறினாள். நான் அழுதேன்.

கணக்கர் செல்வம்

அம்மா, அழாமல் படிக்க முடியவில்லை. கணக்கு புரியவில்லை என்றீர்கள், அதன் மிகப் பெரிய ஓட்டையை நீங்களே காட்டிவிட்டீர்கள்.

அமெரிக்காவில் மெக்சிகோ வழியினரைப் பற்றி பிரையன் டங்கன், ஸ்டீபன் டிரெஹோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பெற்றோர் இருவரும் மெக்சிகோ வழி என்றால் குழந்தையும் ஏறத்தாழ எப்போதும் அப்படியே பதிவாகிறது. ஒருவர் மட்டும் என்றால் கணிசமான குழந்தைகள் அந்த அடையாளத்திலிருந்தே விடுபட்டுப் போகிறார்கள். கலந்தவர்கள் பட்டியலைவிட்டு வெளியேறிக்கொண்டே இருக்க, கலக்காதவர்கள் பட்டியலில் தங்குகிறார்கள். மூன்றாம் தலைமுறையில் எண்ணிப் பார்த்தால் "இவர்கள் முன்னேறவும் இல்லை, கலக்கவும் இல்லை" என்று தோன்றும். வெளியே போனவர்களைக் கேட்க ஆள் இல்லை. உங்கள் மகள் அந்த வெளியே போனவர்களில் ஒருவர். அவர் கல்யாணம் எந்தப் புறமண விகிதத்திலும் ஏறாது.

மாம்பலம் ராகவன்

ரீட்டா அம்மாவின் பதிவு என்னை அசைத்துவிட்டது. ஆனாலும் கொள்வினை கொடுப்பினை இருந்தால் பகை வராது என்பதையாவது விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேன்மொழி (வடசென்னை)

ஐயா, அதற்கு எதிரான உதாரணம் எனக்கே தெரியும். யுகோஸ்லாவியா. நிகோலாய் போதெவ் என்பவர் 1962 முதல் 1989 வரையிலான திருமணப் பதிவுகளை ஆராய்ந்து 1994இல் கட்டுரை எழுதினார். நாடு முழுவதற்கும் கலப்புத் திருமணம் நூற்றுக்கு 12, 13 என்ற அளவிலேயே கால் நூற்றாண்டு நின்றது. கலப்பு கூடிக்கொண்டே போகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், பதிவில் அப்படி ஒன்றும் இல்லை. 1992இல் போஸ்னியாவில் போர் வந்தது. சராயேவோவில் கலப்புக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அந்தக் குடும்பங்கள் போரை நிறுத்தவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்கப்பட்டு, அவையும் அலைக்கழிந்தன.

மாம்பலம் ராகவன்

கூடவில்லை என்றுதானே நீங்களே சொல்கிறீர்கள்? கூடியிருந்தால் போர் வந்திருக்காது என்று நான் சொல்லலாம் அல்லவா? இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

தங்கசாலைக்காரன்

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இழையின் முதல் பதிவில் எங்களைப் பற்றித்தான் பேச்சு. என் தாத்தாவின் அப்பா ஜோத்பூர்ப் பக்கமிருந்து வந்தார். நான் பிறந்தது சௌகார்பேட்டையில், படித்தது தமிழ்வழியில். கடையில் தாத்தா எழுதிய சிவப்புத் துணி அட்டைப் பேரேடு இன்னும் இருக்கிறது. உள்ளே கணக்கு மகாஜனி எழுத்தில், ஓரத்தில் வாடிக்கையாளர் பெயர் மட்டும் தமிழில். வரும் ஆட்கள் தங்கள் பெயரைத் தாங்களே படித்துப் பார்க்கட்டும் என்பதற்காக அவர் தமிழ் எழுதக் கற்றார். 2015 வெள்ளத்தில் எங்கள் சமூகத்துச் சமையற்கூடத்திலிருந்து முடிச்சூர் வரை சாப்பாடு போனது, வேனில் நானும் போனேன். எங்களைக் கலக்காதவர்கள் என்று மேடையில் ஒருவர் சொல்கிறார், நீங்களும் அதை விவாதிக்கிறீர்கள். பெண் கொடுத்தால்தான் இந்த ஊர்க்காரன் என்று ஒப்புக்கொள்வீர்களா?

தேன்மொழி (வடசென்னை)

அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சு எனக்கும் உறுத்தியதால்தான் இழையே தொடங்கினேன். உங்கள் பதிவைப் படித்ததும் அந்த உறுத்தல் என்ன என்று பிடிபட்டது.

அந்தப் பேச்சாளர் "நம்மோடு" என்றார். சௌகார்பேட்டைப் பெண் எந்தத் "தமிழ்" வீட்டுக்குள் போயிருக்க வேண்டும்? என் தெருவில் நான்கு சாதித் தமிழர்கள் இருக்கிறோம். எங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. நூற்றுக்கு ஐந்து என்று செல்வம் ஐயா சொன்ன கணக்கு நம்மைப் பற்றியதுதான். இந்த அளவுகோல் செய்யப்பட்ட இடத்தில், வந்தேறியவர்கள் ஒரு பக்கம், ஓரளவு தமக்குள் தடையின்றி மணந்துகொள்ளும் பெரும்பான்மை மறுபக்கம் என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே கதவு ஒன்று, அது திறந்ததா மூடியதா என்று கேட்கலாம். இங்கே பெரும்பான்மையே நூறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. தன் சாதிக்குள்ளேயே மணப்பது சென்னைக்கு அந்நியமாக இருப்பதன் அடையாளம் என்றால், நாம் எல்லோரும் அந்நியர்கள். உண்மையில் அகமணம் செய்வதில் நீங்கள் எங்களைப் போலவே இருக்கிறீர்கள்.

கணக்கர் செல்வம்

இதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஒவ்வொரு சாதியையும் தனிக் குழுவாக வைத்து, சௌகார்பேட்டைக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் இடையே சுவர் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிடலாம். எந்தச் சுவர் அதிக உயரம் என்று தெரியும். இரண்டு தமிழ்ச் சாதிகளுக்கு இடையிலுள்ள சுவர் தமிழர், மார்வாரி சுவரைவிட உயரமாக இருக்கவும் கூடும். ஆனால் 1931க்குப் பிறகு நாடு தழுவிய முழுச் சாதிவாரிக் கணக்கெடுப்பு வெளியாகவில்லை, மாதிரி ஆய்வுகளில் இவ்வளவு சிறு குழுக்களுக்கு ஆள் போதாது. பதினைந்து கல்யாணத்தை வைத்துக்கொண்டு 197 என்றேன் அல்லவா? ஒரே ஒரு கல்யாணம் மாறினால் அந்த எண் தலைகீழாகப் புரளும். இந்தியாவில் இந்த அளவுகோலே வேண்டாம் என்று தேன்மொழி சொல்வதாக எடுத்துக்கொள்ளலாமா?

தேன்மொழி (வடசென்னை)

முழுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை ஐயா. கொல்லப்படும் அபாயத்தோடு சாதி தாண்டி மணப்பவர்கள் இருக்கும் மாநிலத்தில், அந்த ஐந்து ஆறாகிறதா என்று எண்ணாமல் இருக்க முடியாது. மாணவிகளைக் கொண்டு ஒரு சிறு கணக்கெடுப்பு செய்யலாம் என்று இருக்கிறேன். "நீங்கள் என்ன இனம்" என்று கேட்காமல், "உங்கள் பாட்டி காலத்தில் எந்தெந்த வீடுகளோடு கொள்வினை கொடுப்பினை இருந்தது, இப்போது எவற்றோடு" என்று கேட்கச் சொல்லப்போகிறேன்.

தங்கசாலைக்காரன்

கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் கேள்விக்கு முதல் பதிலை நானே தருகிறேன். வெளியே இருப்பவர்களுக்கு நாங்கள் எல்லோரும் "சேட்டு". உள்ளே அப்படி இல்லை. பாட்டி காலத்தில் ஓஸ்வால் ஜைன வீட்டார் நாங்கள் அகர்வால் வீட்டில் பெண் எடுத்ததில்லை, அவர்கள் எங்களுக்குக் கொடுத்ததும் இல்லை. போன வருடம் என் தங்கை மகன் அகர்வால் பெண்ணை மணந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம், இரண்டு பேரும் தமக்குள் பேசுவது தமிழ். வீட்டில் ஆறு மாதம் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. பாட்டி இருந்திருந்தால் இதைத்தான் கலப்புத் திருமணம் என்று சொல்லியிருப்பார். உங்கள் அட்டவணையில் இதற்குக் கட்டம் இருக்கிறதா?

தேன்மொழி (வடசென்னை)

இல்லை அண்ணா. இன்றிரவு கேள்வித்தாளை மாற்றி எழுதுகிறேன். சனிக்கிழமை நான்கு மாணவிகளோடு தங்கசாலைத் தெருவுக்கு வரலாமா? அந்தப் பேரேட்டையும் பார்க்க ஆசை.